தலைமையாசிரியையின் ஆண்டறிக்கையும் தேர்ச்சிக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தை, மாசி பிறந்தால் ஆண்டு விழா வரும். கூடவே புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியைகளின் கேள்விகளும் வரும். பேச்சில் மற்ற எல்லாவற்றையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள். தேர்ச்சி சதவீதம் வரும் பத்தியில்தான் பேனா நிற்கிறது. அந்தப் பத்தியைப் பற்றி மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே வரும் பள்ளிக் கணக்கு விளக்கத்துக்காக நானே அமைத்தது. மாநிலக் கணக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் அந்தந்த ஆண்டு வெளியிட்டது.

எங்கள் பள்ளி 95 சதவீதம். மேடையில் அதைச் சொன்னால் கைதட்டுகிறார்கள். அது போதாதா?

கைதட்டலுக்குப் போதும். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் வாசித்தேன். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அம்மா, ஏதோ கணக்குச் சொன்னீர்களே, மொத்தம் எத்தனை பிள்ளைகள் பரீட்சை எழுதி எத்தனை பிள்ளைகள் தேறினார்கள்?" என்று கேட்டார். என் கையில் நான்கு பக்க அறிக்கை இருந்தது. அதில் சதவீதம் இருந்தது, மாவட்டத்தில் எத்தனையாவது இடம் என்பது இருந்தது, அவர் கேட்ட இரண்டு எண்கள் இல்லை. அலுவலக அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டித்தான் சொல்ல முடிந்தது.

அன்றிலிருந்து தலைகளின் எண்ணிக்கையை முதலிலும் சதவீதத்தை அதன் பின்னாலும் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். "நாற்பது பேர் எழுதினார்கள், முப்பத்தெட்டுப் பேர் தேறினார்கள், அதாவது 95 சதவீதம்" என்று சொன்னால் பந்தலில் இருக்கும் எல்லோருக்கும் விளங்கும். வெறும் 95 என்றால், அதைத் தன் பிள்ளை வாங்கிய மதிப்பெண் போல நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

எந்த எண்ணை எடுப்பது? எமிஸ் என்னும் கல்வித்துறை இணையப் பதிவேட்டில் ஒன்று இருக்கிறது, முடிவுப் பட்டியலில் ஒன்று இருக்கிறது, வகுப்பாசிரியர் வேறொன்று சொல்கிறார்.

மூன்றும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியல் அனுப்புகிறோம். அதில் உள்ளவர்கள் பதிவு செய்தவர்கள். தேர்வறைக்கு வந்தவர்கள் எழுதியவர்கள். ஐந்து பாடங்களிலும் தேறியவர்கள் தேர்ச்சி பெற்றவர்கள். இந்த மூன்றையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரே தாளில் வரிசையாக எழுதிவிட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

நம் பள்ளிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். 2023இல் 52 பேர் பதிவு, 50 பேர் எழுதினார்கள், 44 பேர் தேர்ச்சி. 2024இல் 47, 45, 41. 2025இல் 43, 40, 38. எழுதியவர்களை வைத்துக் கணக்கிட்டால் தேர்ச்சி 88, 91.1, 95 சதவீதம். இந்த ஒன்பது எண்களை வைத்தே கீழே உள்ள பெரும்பாலான பதில்களைச் சொல்லியிருக்கிறேன். ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மே மாதம் முடிவு வந்த அன்று கரும்பலகையில் எழுதிய எண்ணையே பிப்ரவரியில் வாசிக்காதீர்கள். இடையில் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ வந்து ஒரு பிள்ளை தேறியிருக்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டார் பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள்.

தேர்வுக்கு வராதவர்களைச் சேர்த்தால் எங்கள் சதவீதம் குறைந்துவிடும். அரசே எழுதியவர்களை வைத்துத்தானே கணக்கிடுகிறது?

ஆமாம், அப்படித்தான் கணக்கிடுகிறது. மாநிலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் நீங்களும் எழுதியவர்களை வைத்தே கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் மரக்காலால் அளந்ததைப் படியால் அளந்ததோடு ஒப்பிட்டது போலாகிவிடும். ஆகவே 95 சதவீதம் என்று சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் நம் மூன்று ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். தேர்வுக்கு வராதவர்கள் 2, 2, 3. தவறியவர்கள் 6, 4, 2. தவறியவர்கள் குறைந்துகொண்டே வரும்போது வராதவர்கள் ஒருவர் கூடியிருக்கிறார். பதிவு செய்தவர்களை வைத்துப் பார்த்தால் 84.6, 87.2, 88.4. இப்படிப் பார்த்தாலும் முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் ஏழு புள்ளியாக இருந்த ஏற்றம் நாலு புள்ளிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

வராத பிள்ளை எப்படி உருவாகிறது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். பெயர்ப்பட்டியலில் பெயர் போய்விடுகிறது. பொங்கல் விடுமுறைக்குப் பின் பையன் வரவில்லை. திருப்புதல் தேர்வில் அவன் இடம் காலி. நுழைவுச்சீட்டு வந்த பிறகும் தலைமையாசிரியை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தேர்வு நாளில் அறைக் கண்காணிப்பாளர் அவன் எண்ணுக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதுகிறார். அந்த நொடியில் அவன் சதவீதக் கணக்கை விட்டே வெளியேறிவிடுகிறான். தேர்வெழுதித் தவறியவன் நம் சதவீதத்தைக் குறைக்கிறான், வராமலே போனவன் குறைப்பதில்லை. இதுதான் இந்தக் கணக்கில் எனக்குப் பிடிக்காத இடம். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்ற செய்தி வந்தபோதுதான் ஊரே இதைப் பேசியது.

மேடையில் நான் சொல்லும் வழி இது: "43 பேர் பதிவு செய்திருந்தோம். 40 பேர் எழுதினார்கள். 38 பேர் தேறினார்கள்." கூடுதலாகச் செலவாவது ஒரே வாக்கியம். மூன்று பேர் எங்கே என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயாராக வாருங்கள்.

88இலிருந்து 95. "ஏழு சதவீத முன்னேற்றம்" என்று பேனரில் போடலாமா?

செய்தித்தாள்களே அப்படித்தான் எழுதுகின்றன, ஆகவே யாரும் குறை சொல்லப்போவதில்லை. கணக்கு ஆசிரியர் மட்டும் முகம் சுளிப்பார். 88க்கும் 95க்கும் இடையே உள்ளது ஏழு சதவீதப் புள்ளி. 88இல் ஏழு என்பது கிட்டத்தட்ட 8 சதவீதம். தவறியவர்களின் பக்கமிருந்து பார்த்தால் 12 சதவீதம் 5 ஆகியிருக்கிறது, பாதிக்கும் கீழே. எண்கள் அதே எண்கள்தான், பார்க்கும் திசைக்கு ஏற்ப முன்னேற்றம் ஏழாகிறது, எட்டாகிறது, 'பாதியாகக் குறைத்தோம்' என்றும் ஆகிறது. "88 ஆக இருந்தது 95 ஆகியிருக்கிறது" என்று இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டால் இந்த வழக்கே எழாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நாற்பது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளையின் மதிப்பு 2.5 புள்ளி. ஐம்பது பேர் எழுதினால் 2 புள்ளி. 2023இல் தவறிய ஆறு பேரில் ஒரே ஒருவர் கூடுதலாகத் தேறியிருந்தால் 45/50, அதாவது 90. 2025இல் இன்னும் இரண்டு பேர் தவறியிருந்தால் 36/40, அதுவும் 90. ஆக, மூன்று பிள்ளைகளின் தேர்வு நாள் வேறு மாதிரி அமைந்திருந்தால் உங்கள் ஏழு புள்ளி முன்னேற்றம் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வீட்டில் துக்கம் என்பதே போதும்.

முன்னேற்றமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஓர் ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு மார்தட்டக் கூடாது என்கிறேன். மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் 135 பேர் எழுதி 123 பேர் தேறியிருக்கிறார்கள், 91.1 சதவீதம். சின்னப் பள்ளிக்கு அந்த எண்தான் நிதானமானது. ஆறு, நான்கு, இரண்டு என்று தவறியவர்கள் தொடர்ந்து குறைந்திருப்பது ஓராண்டுத் தாவலைவிட நம்பத்தக்கது. வராதவர்களையும் சேர்த்தால் எட்டு, ஆறு, ஐந்து. நான் தலைமையாசிரியையாக இருந்தால் மேடையில் சொல்லும் முன்னேற்ற வரி இதுவாகத்தான் இருக்கும்: "மூன்று ஆண்டுகளுக்கு முன் எட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு ஆறு. கடந்த ஆண்டு ஐந்து."

சதவீதம் கூடினால் தேறியவர்களும் கூடியிருக்கத்தானே வேண்டும்?

வேண்டியதில்லை. மாநிலக் கணக்கே சான்று. 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்வை 8,94,264 பேர் எழுதி 8,18,743 பேர் தேறினார்கள், 91.55 சதவீதம். 2025இல் 8,71,239 பேர் எழுதி 8,17,261 பேர் தேறினார்கள், 93.80 சதவீதம். சதவீதம் 2.25 புள்ளி உயர்ந்தது. தேறியவர்களின் எண்ணிக்கையோ 1,482 குறைந்தது. எழுத வந்தவர்களே சுமார் 23 ஆயிரம் பேர் குறைந்ததால் இப்படி.

நம் பள்ளியிலும் 44, 41, 38 என்று தேறியவர்கள் குறைந்துகொண்டேதான் வருகிறார்கள். "முன்பைவிட அதிகப் பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள்" என்று பேச்சு வாக்கில் சொல்லிவிட்டால் அது தவறு. எழுதிவைத்த தாளை விட்டுக் கண்ணை எடுக்கும்போதுதான் இந்த வாக்கியம் வாயில் வரும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் இருக்கிறது. மாநிலமே 2.25 புள்ளி ஏறிய ஆண்டில் நம் பள்ளி 3.9 ஏறியிருக்கிறது. வினாத்தாள் எளிதாக அமைந்தால் எல்லாப் பள்ளிக்கும்தான் ஏறும். அந்தப் பொது ஏற்றத்தை நம் உழைப்பின் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருக்க, மாநில சதவீதத்தைப் பக்கத்தில் வைத்துச் சொல்வது நல்லது. 2023இல் மாநிலம் 91.39, நாம் 88. 2025இல் மாநிலம் 93.80, நாம் 95. "மாநிலச் சராசரிக்குக் கீழே இருந்தோம், இப்போது சற்றே மேலே இருக்கிறோம்." இது நேர்மையான பெருமை.

தமிழ்வழியில் 92.9, ஆங்கிலவழியில் 100. கூட்டி வகுத்தால் 96.4 வருகிறது. அலுவலகம் 95 என்கிறது. யார் சொல்வது சரி?

அலுவலகம். தமிழ்வழியில் 28 பேர் எழுதி 26 பேர், ஆங்கிலவழியில் 12 பேர் எழுதி 12 பேர். மொத்தம் 40க்கு 38. சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும்போது 12 பேருக்கும் 28 பேருக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறீர்கள். சதவீதங்களைக் கூட்டாதீர்கள், தலைகளைக் கூட்டுங்கள்.

பாடவாரியாகப் பார்த்தால் எதுவுமே 95க்குக் கீழே இல்லை. அதன் சராசரியைச் சொல்லலாமா?

மேலே சொன்ன தவறின் தங்கை இது. 2025இல் நம் பள்ளியில் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியலில் 40 பேரும் தேறினார்கள். கணிதத்தில் ஒருவர் தவறினார், அறிவியலில் இருவர் தவறினார்கள். பாடவாரி சதவீதம் 100, 100, 97.5, 95, 100, சராசரி 98.5. கேட்க இனிமையான எண், ஆனால் அதற்குப் பொருள் இல்லை. ஒரு பாடத்தில் தவறினாலும் அந்தப் பிள்ளை தேறவில்லை. பள்ளியின் தேர்ச்சி எப்போதும் மிகக் குறைந்த பாடத்தின் தேர்ச்சிக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோதான் இருக்கும். தாளைச் சரிபார்க்க இதுவே எளிய சோதனை: பள்ளித் தேர்ச்சி எந்தப் பாடத்தையாவது விட அதிகமாக வந்திருந்தால் எங்கோ பிழை.

நம் கணக்கில் தவறிய இருவரில் ஒருவர் கணிதத்திலும் அறிவியலிலும் தவறியவர், மற்றவர் அறிவியலில் மட்டும். அந்த இரண்டாமவர் வாங்கியது கருத்தியலில் 16, செய்முறையில் 22, மொத்தம் 38 என்று வைத்துக்கொள்வோம். 35க்கு மேல் வாங்கியும் ஏன் தவறினார் என்று பெற்றோர் கேட்பார்கள். அறிவியலில் மொத்தம் 35 வாங்கினால் மட்டும் போதாது. 75க்கு நடக்கும் கருத்தியல் தேர்வில் 20ம், 25க்கு நடக்கும் செய்முறையில் 15ம் தனித்தனியே வாங்க வேண்டும். இவருக்குக் கருத்தியலில் நான்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. இந்த விவரத்தை மேடையில் சொல்ல வேண்டாம், பெற்றோர் கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள். செய்முறையில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

ஐந்தாண்டு முன்னேற்றத்தை வரைபடமாகத் திரையில் காட்டச் சொல்கிறார் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். 2020, 2021 ஆண்டுகளை என்ன செய்வது?

அவை இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, "கொரோனா, தேர்வு நடக்கவில்லை" என்று எழுதிவிடுங்கள். அந்த இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டார்கள். 2020இல் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையும் வருகையையும் வைத்து மதிப்பெண் போட்டார்கள். எழுதாத தேர்வின் 100 சதவீதத்தை எழுதிய தேர்வின் சதவீதத்தோடு கோடு போட்டு இணைத்தால், 2022இல் எல்லாப் பள்ளியும் பள்ளத்தில் விழுந்தது போலத் தெரியும். மாநிலமே 2019இல் 95.2, 2022இல் 90.07. 2022இல் பாடப்பகுதியையும் குறைத்திருந்தார்கள். அதனால் நான் 2023இலிருந்து தொடங்குவதையே விரும்புகிறேன்.

வரைபடம் போட்டால் இடப்பக்க அளவுகோல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 85இல் தொடங்கினால் 88க்கும் 95க்கும் இடையே மலையேற்றம் போலத் தெரியும். கணினி தானாகவே அப்படிப் போட்டுவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

"இந்த ஆண்டு தேர்ச்சி" என்று வாசித்தேன். எதிரில் இருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர்கள் இன்னும் தேர்வே எழுதவில்லை, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆண்டு விழா பெரும்பாலும் பொதுத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடுகிறது. நீங்கள் வாசிக்கும் முடிவு போன மே மாதம் வந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது வேறு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள். "2024-25 கல்வியாண்டில், கடந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதிய நம் மாணவர்கள்" என்று சொல்லிவிடுங்கள். 'இவ்வாண்டு', 'நடப்பாண்டு', 'சென்ற ஆண்டு' மூன்றும் மேடையில் வழுக்கும் சொற்கள்.

துணைத்தேர்வில் தேறியவர்களைச் சேர்த்துச் சொல்லலாமா?

தனியாகச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். மார்ச் தேர்வில் 38 பேர். துணைத்தேர்வில் இன்னும் ஒருவர். ஆக 43 பேரில் 39 பேர் இப்போது பத்தாம் வகுப்பு தேறியவர்கள். 95 சதவீதத்தை 97.5 என்று மாற்றி எழுதினால் மாநிலக் கணக்கோடு ஒட்டாது, போன ஆண்டுக் கணக்கோடும் ஒட்டாது. ஆனால் அந்த ஒரு பிள்ளையை வீடு தேடிப்போய், கட்டணம் கட்டச் சொல்லி, மே மாத வெயிலில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருப்பார். சதவீதத்தில் அவருக்கு இடமில்லை. பேச்சில் இடம் கொடுக்கலாம்.

பக்கத்துத் தனியார் பள்ளி ஆண்டுதோறும் நூற்றுக்கு நூறு. நாங்கள் ஏன் எட்ட முடியவில்லை என்று ஊரார் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி வரும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. சல்லடை ஒன்பதில்தான் வருகிறது. மெல்லக் கற்கும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, "வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் வருவதில் வியப்பில்லை. எல்லாத் தனியார் பள்ளியும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன்; செய்யும் அரசுப் பள்ளிகளும் உண்டு. அப்படி வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் நம் பள்ளிதான்.

உங்கள் பள்ளிக்கும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். நம் கணக்கில் 2023 ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் 48 பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 2025 தேர்வுக்குப் பதிவானவர்கள் 43. மீதி ஐந்து பேரில் மூவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனவர்கள். அந்த ஊர்ப் பள்ளியில் எமிஸில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஒருவன் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒருத்தியைப் பற்றித் தகவல் இல்லை. இடையில் வந்து சேர்ந்தவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போனவர்களை வந்தவர்கள் மறைத்துவிடுவார்கள். இந்தக் கணக்கை மேடையில் வாசிக்கும் துணிவு எனக்குக் கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தால், வேலைக்குப் போன பையனின் தெருவில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர் இருப்பார்.

நாங்கள் ஏற்கெனவே 100 சதவீதம். இனி என்ன முன்னேற்றத்தைச் சொல்வது?

மதிப்பெண் அடுக்கைச் சொல்லுங்கள். 500க்கு 400க்கு மேல் எத்தனை பேர், 300க்கு மேல் எத்தனை பேர் என்பதை மூன்று ஆண்டுக்கு. அலுவலகத்தில் மட்டும் இன்னொரு கணக்கு வைத்திருங்கள்: ஏதாவது ஒரு பாடத்தில் 35இலிருந்து 40க்குள் வாங்கியவர்கள் எத்தனை பேர். கயிற்றின் மேல் நடந்து கரையேறியவர்கள் இவர்கள். இந்த எண் பெரிதாக இருந்தால் அடுத்த ஆண்டு 100 நிலைக்காது. சென்டம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைச் சொல்வதில் தவறில்லை, ஆனால் சின்னப் பள்ளியில் அது ஆண்டுக்கு ஆண்டு ஊஞ்சல் போல ஆடும்.

பாடவாரித் தேர்ச்சியை மேடையில் வாசிக்க வேண்டுமா?

பெரிய பள்ளியில் வாசிக்கலாம். நாற்பது பேர் எழுதிய பள்ளியில் "கணிதத்தில் ஒருவர் மட்டும் தவறினார்" என்றால் அது யார் என்று ஊருக்கே தெரியும். கணித ஆசிரியரும் மேடையில் உட்கார்ந்திருப்பார். முதலிடம் பிடித்தவர்களை விளம்பரப்படுத்தும் வழக்கத்தையே அரசு 2017இல் நிறுத்திவிட்டது. பரிசு கொடுக்கும்போது பெயர் சொல்லி அழைப்பது வேறு. தவறியவரைப் பெயர் சொல்லாமல் அடையாளம் காட்டுவது வேறு. பாடவாரி எண்களை அச்சிட்ட அறிக்கையில்கூட நான் போடுவதில்லை, ஆசிரியர் கூட்டத்தோடு சரி.

ஒலிபெருக்கியில் 91.55ஐ எப்படி வாசிப்பது? "புள்ளி ஐம்பத்தைந்து" என்று சொன்னால் கணக்கு ஆசிரியர் திருத்துகிறார்.

அவர் சொல்வது சரி: தொண்ணூற்று ஒன்று புள்ளி ஐந்து ஐந்து. ஆனால் தசமத்தை ஒலிபெருக்கியில் ஏற்றாமலே இருக்கலாம். "ஏறக்குறைய தொண்ணூற்று ஒன்றரை" என்றால் போதும். நாற்பது பேருக்கு இரண்டு தசமத் தானம் எதற்கு? முழு எண்ணாக்கும்போது ஒரே ஒரு விதி: 99.6 வந்தால் அதை 100 என்று சொல்லக் கூடாது. ஒரு பிள்ளையாவது தவறியிருந்தால் அது நூறு அல்ல.

ஒரு மாதிரி எழுதித் தரமுடியுமா? எல்லாவற்றையும் படித்த பிறகும் கை ஓடவில்லை.

நம் கணக்கை வைத்து இப்படி:

"கடந்த கல்வியாண்டில், அதாவது 2024-25இல், நம் பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு 43 பேர் பதிவு செய்திருந்தோம். 40 பேர் தேர்வு எழுதினார்கள். 38 பேர் தேறினார்கள். எழுதியவர்களில் இது 95 சதவீதம். மாநில அளவில் ஏறக்குறைய 94. அதற்கு முந்தைய ஆண்டு நாம் 91, அதற்கும் முந்தைய ஆண்டு 88. தவறிய இருவரில் ஒருவர் துணைத்தேர்வில் தேறிவிட்டார். தேர்வுக்கு வராத மூன்று பேரைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துவர ஆசிரியர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள்; அவர்கள் வீட்டுப் பக்கம் இருப்பவர்கள் எங்களுக்கு உதவ வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தவர்களில் எட்டுப் பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பிறகு ஆறு, கடந்த ஆண்டு மார்ச் தேர்வில் ஐந்து."

நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசி வரியில் 'மார்ச் தேர்வில்' என்பதை விட்டுவிடாதீர்கள். துணைத்தேர்வில் தேறியவரையும் கழித்தால் அது நான்கு.

நான் சரியாகத்தான் வாசித்தேன். பின்னால் பேசிய சிறப்பு விருந்தினர் "நூறு சதவீதம் தேர்ச்சி காட்டிய தலைமையாசிரியை" என்று பாராட்டிவிட்டார்.

இது எனக்கும் நடந்திருக்கிறது. அவர் பேசும்போது குறுக்கிட வேண்டாம். நன்றியுரை சொல்லும் ஆசிரியரிடம் ஒரு சீட்டில் "40க்கு 38" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் நன்றியோடு சேர்த்து வாசித்துவிடுவார். அடுத்த ஆண்டிலிருந்து விருந்தினரின் நாற்காலியில் அழைப்பிதழோடு ஒரு துண்டுத் தாளையும் வைத்துவிடுங்கள், மூன்று எண்கள் மட்டும், பெரிய எழுத்தில்.